எண்கள் நெருக்கியடிக்கும் பத்தி: குறைப்பதா, வரைவதா, அட்டவணை போடுவதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விவரங்களை வைத்து எழுதப்படும் கட்டுரைகளில் இந்த மாதிரி ஒரு பத்தியை அடிக்கடி பார்க்கலாம்:

> கேரளத்தில் 2001-இல் ஆண்களின் எழுத்தறிவு 94.24 சதவீதமாகவும் பெண்களின் எழுத்தறிவு 87.72 சதவீதமாகவும் இருந்தன. 2011-இல் இவை முறையே 96.11, 92.07 என உயர்ந்தன. தமிழ்நாட்டில் 82.42, 64.43 என இருந்தவை 86.77, 73.44 ஆயின. ராஜஸ்தானில் 75.70, 43.85 என்பவை 79.19, 52.12 ஆகவும், பீகாரில் 59.68, 33.12 என்பவை 71.20, 51.50 ஆகவும் உயர்ந்தன. இந்திய அளவில் 75.26, 53.67 என்றிருந்த விகிதங்கள் 80.88, 64.63 ஆயின.

தகவலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்தவரிடம் "பெண்கள் அதிகமாக முன்னேறியது எந்த மாநிலத்தில்?" என்று கேட்டால் மேலே போய்த் தேட வேண்டியிருக்கும். தேடினாலும் போதாது, மனத்துக்குள்ளேயே நான்கு முறை கழிக்க வேண்டும். ஒரே வாக்கியம் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு ஐந்து தடவை வருகிறது. எழுதியவர் எண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பார்க்கும் வேலையை வாசகரிடம் விட்டுவிட்டார்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. எண்களைக் குறைத்துப் பத்தியாகவே வைத்துக்கொள்ளலாம். சார்ட் வரையலாம். சின்ன அட்டவணை போட்டு, பத்தியைப் புதிதாக எழுதலாம். இந்த எடுத்துக்காட்டுக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் எல்லா இடத்திலும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன்.

பத்தியாகவே விடுவது

சொல்ல வேண்டியது ஒரே ஒப்பீடு என்றால் அட்டவணை வேண்டியதில்லை. "தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு பத்தாண்டில் 64 சதவீதத்திலிருந்து 73 ஆனது, ஆனாலும் ஆண்களைவிட இன்னும் 13 புள்ளி குறைவு" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். மூன்று எண்களை வாசகர் வாக்கியத்தின் ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்வார். இதற்குப் போய் நான்கு கட்டம் போட்டால் கண் வாக்கியத்திலிருந்து வெளியே போய்த் திரும்பி வர வேண்டும், அது வீண் வேலை.

இந்த வழி எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. எண்கள் இரண்டு திசைகளில் விரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு மாநிலம், இரண்டு ஆண்டுகள் என்றால் ஒரே திசைதான், வாக்கியம் தாங்கும். பல மாநிலங்கள், இரண்டு ஆண்டுகள், அதிலும் ஆண் பெண் என்று போனால் வாக்கியத்தால் முடியாது. வாக்கியம் இடமிருந்து வலமாக மட்டுமே ஓடும். வாசகரோ மேலிருந்து கீழாகவும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. மேலே உள்ள பத்தியில் சிக்கல் அதுதான்.

சார்ட் வரைவது

சார்ட் அட்டவணைக்குச் சரியான போட்டி. குறிப்பாக, சாய்கோட்டு வரைபடம். இடப்பக்கம் 2001, வலப்பக்கம் 2011 என இரண்டு செங்குத்துக் கோடுகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் நடுவே ஒரு சாய்கோடு. பெண்களின் எழுத்தறிவை மட்டும் இப்படி வரைந்தால் பீகாரின் கோடு செங்குத்தாக ஏறி, வலப்பக்கத்தில் ராஜஸ்தானின் கோட்டைத் தொட்டு நிற்பது பார்த்த உடனே தெரியும். அது ஒன்றுதான் உங்கள் செய்தி என்றால் தயங்காமல் வரையுங்கள். அட்டவணையால் அந்த வேகத்தைக் காட்ட முடியாது.

இங்கே நான் வரையாமல் விடுவதற்கு இரண்டு காரணங்கள். பெண்களின் உயர்வோடு ஆண்-பெண் இடைவெளியையும் காட்ட வேண்டும். ஒரே படத்தில் இரண்டும் வந்தால் கோடுகள் பின்னிக்கொள்ளும், இரண்டு படம் என்றால் வாசகர் மாறி மாறிப் பார்க்க வேண்டும். அப்புறம், எழுத்தறிவு விவரம் பலரும் எடுத்துக் கையாளும் விவரம். படிப்பவருக்கு எண்ணே தேவைப்படும், கோட்டின் உயரத்தைப் பார்த்து ஊகித்தால் போதாது. தகவல் வரைகலையில் பெரிய பெயரான எட்வர்ட் டஃப்டி 1983-இலேயே ஒரு விதி சொன்னார்: 20 எண்கள் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் படத்தைவிடப் பெரும்பாலும் அட்டவணைதான் நன்றாக வேலை செய்யும். நம் பத்தியில் இருப்பவை சரியாக 20.

2011-இல் இருந்த 28 மாநிலங்கள், 7 யூனியன் பிரதேசங்கள் அத்தனையையும் காட்ட வேண்டுமென்றால் கதை வேறு. அந்தப் பெரிய அட்டவணை கட்டுரையின் கடைசியில் இருக்கட்டும். நடுவில் படம் வரட்டும்.

சின்ன அட்டவணை

அட்டவணை போடுவது என்றதும் பத்தியில் இருக்கும் 20 எண்களை அப்படியே கட்டங்களுக்குள் மாற்றுவதுதான் வழக்கம். ஆண் 2001, பெண் 2001, ஆண் 2011, பெண் 2011. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் கழிக்கும் வேலை வாசகரிடமே தங்கிவிடும். அதனால் முதலில் கேட்க வேண்டியது, வாசகர் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான். இங்கே இரண்டு விஷயங்கள்: பெண்கள் எவ்வளவு உயர்ந்தார்கள், ஆண்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சுருங்கியது. ஆக, ஆண்களின் இரண்டு நெடுவரிசைகளை எடுத்துவிட்டு இடைவெளியை நாமே கணக்கிட்டுப் போடலாம்.

பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ எரன்பெர்க் 1977-இல் அட்டவணைகளுக்குச் சொன்ன யோசனைகள் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. எண்களை முடிந்தவரை இரண்டு இலக்கங்களுக்குச் சுருக்குங்கள். அகர வரிசையை விட்டுவிட்டு அளவு வரிசையில் அடுக்குங்கள். ஒப்பிட வேண்டிய எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். சராசரியைச் சேருங்கள். அப்படிச் செய்தால் நம் 20 எண்கள் இப்படி ஆகின்றன:

பெண்களின் எழுத்தறிவும் ஆண்-பெண் இடைவெளியும் (சதவீதம், சதவீதப் புள்ளி)

| மாநிலம் | பெண் 2001 | பெண் 2011 | இடைவெளி 2001 | இடைவெளி 2011 |
|:---|---:|---:|---:|---:|
| கேரளம் | 88 | 92 | 7 | 4 |
| தமிழ்நாடு | 64 | 73 | 18 | 13 |
| இந்தியா | 54 | 65 | 22 | 16 |
| ராஜஸ்தான் | 44 | 52 | 32 | 27 |
| பீகார் | 33 | 52 | 27 | 20 |

*7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். 2011-க்கு இறுதி விவரங்கள். இடைவெளி, சுருக்குவதற்கு முந்தைய எண்களிலிருந்து கணக்கிடப்பட்டது.*

அடிக்குறிப்பின் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2011-இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. முதலில் சுருக்கிவிட்டுக் கழித்தால் 87-இலிருந்து 73 போக 14. முதலில் கழித்தால் 13.33, அதாவது 13. இரண்டாவதுதான் சரி. சுருக்குவது எப்போதும் கடைசி வேலை. குறிப்பு இல்லாவிட்டால், வேறெங்கோ ஆண்களின் 87-ஐப் பார்த்த வாசகர் உங்கள் 13-ஐத் தப்பு என்று நினைப்பார்.

இந்தியாவின் வரிசையை ஏன் நடுவில் வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். வழக்கமாக அது கடைசியில் 'மொத்தம்' மாதிரி உட்கார்ந்திருக்கும். அளவு வரிசையிலேயே வைத்தால் அது ஒரு எல்லைக்கோடாகிவிடுகிறது. யார் மேலே, யார் கீழே என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

தமிழில் அட்டவணைத் தலைப்புகள் சீக்கிரம் நீண்டுவிடும். 'பெண்களின் எழுத்தறிவு விகிதம் 2001' என்று நெடுவரிசைக்கு மேலே எழுதினால் கைபேசித் திரையில் நான்கு வரியாக மடங்கி, கீழே இரண்டே இலக்கம் தனியாக நிற்கும். நீளமானதை அட்டவணையின் பெயரில் ஒரே முறை சொல்லிவிட்டு, நெடுவரிசைக்கு 'பெண் 2001' என்று மட்டும் வைத்தால் போதும். எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். ஒன்றாம் இலக்கத்தின்கீழ் ஒன்றாம் இலக்கம் வந்தால்தான் 7, 18-ஐவிடச் சின்னது என்று கண்ணுக்குத் தெரியும். மார்க்டவுனில் எழுதுகிறவர்கள் அதற்கு ஒரு கோலன் போட்டால் போதும்:

```
| மாநிலம் | பெண் 2001 |
|:---|---:|
| பீகார் | 33 |
```

அட்டவணையைப் படமாக எடுத்து ஒட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கைபேசியில் எழுத்து பொடியாகிவிடும், எண்ணை நகலெடுக்க முடியாது, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கு அங்கே ஒன்றுமே கேட்காது.

அட்டவணைக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது

அட்டவணை வந்த பிறகும் பழைய பத்தியை அதன் கீழேயே விட்டுவைப்பவர்கள் நிறைய. கொஞ்சம் மாற்றி இப்படி எழுதுவார்கள்:

> அட்டவணையில் காண்பதுபோல் கேரளத்தில் பெண்களின் எழுத்தறிவு 88-இலிருந்து 92 ஆகவும், தமிழ்நாட்டில் 64-இலிருந்து 73 ஆகவும், ராஜஸ்தானில் 44-இலிருந்து 52 ஆகவும் உயர்ந்துள்ளது.

இதை வாசகர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இரண்டாவது முறை படிக்கும்போது இதில் ஏதாவது புதிதாக இருக்குமோ என்று தேடுவார், இருக்காது. அடுத்த தடவை அட்டவணையையோ பத்தியையோ தாண்டிப் போய்விடுவார். இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: வாக்கியத்தை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லும் கட்டத்தை அட்டவணையில் விரலால் தொட முடிகிறதா என்று பாருங்கள். ஒரே கட்டத்தையோ, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கட்டங்களையோ தொட்டுக் காட்டிவிட முடிந்தால் அந்த வாக்கியம் தேவையில்லை. ஒரு வாக்கியம் நிலைக்க வேண்டுமென்றால், தூரத்தில் இருக்கும் கட்டங்களை அது சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது அட்டவணையில் இல்லாத ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த அட்டவணையின் கதை ராஜஸ்தானிலும் பீகாரிலும் இருக்கிறது. பழைய பத்தியில் அது முழுக்கப் புதைந்து கிடந்தது. இப்படி எழுதிப் பார்க்கலாம்:

> 2011-இல் ராஜஸ்தானிலும் பீகாரிலும் பெண்களில் ஏறக்குறைய ஒரே பங்கினர், பாதிக்குச் சற்று மேல், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பத்தாண்டுக்கு முன் பீகார் பெண்கள் ராஜஸ்தான் பெண்களைவிட 11 புள்ளி பின்தங்கியிருந்தார்கள்; கிட்டத்தட்ட அந்தத் தூரம் முழுவதையும் கடந்துவிட்டார்கள். ஆனால் இரு மாநிலங்களின் சிக்கலும் ஒன்றல்ல. ராஜஸ்தானில் ஆண்கள் 79 சதவீதத்தோடு நாட்டின் சராசரியான 81-ஐ நெருங்கிவிட்டார்கள், பின்தங்கியிருப்பவர்கள் பெண்கள்தான். பீகாரில் ஆண்களே 71-இல்தான் இருக்கிறார்கள். தமிழ்நாடு நாட்டின் சராசரிக்கு மேலே இருந்தாலும், இங்கே 2011-இல் இருந்த இடைவெளி, கேரளத்தில் 2001-இலேயே இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

இந்தப் பத்தியில் வரும் எண்களைக் கவனியுங்கள். 79, 81, 71 மூன்றும் அட்டவணையில் இல்லாதவை. 11 என்பது கணக்கிட்டு வந்தது. கேரளம்-தமிழ்நாடு வாக்கியத்தில் எண்ணே இல்லை, 'இரண்டு மடங்கு' என்ற உறவு மட்டும்தான் இருக்கிறது. 13-ஐயும் 7-ஐயும் பார்க்க வேண்டும் என்கிறவர் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய பத்தியில் 20 எண்கள் இருந்தும் ராஜஸ்தானைப் பற்றிய இந்தச் செய்தி ஒரு இடத்திலும் வரவில்லை.

மாநிலங்கள் எல்லாவற்றையும் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. விட்டுப்போனது எதுவும் கிடையாது, எல்லாம் அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. அதனால் பத்தி தைரியமாகத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். அட்டவணை தரும் பெரிய வசதி இதுதான் என்று நினைக்கிறேன்.

விளக்கம் எல்லை தாண்டும் இடங்கள்

எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் பொருள் சொல்லுங்கள் என்றால், கூடவே ஒரு ஆபத்தும் வரும். பொருள் சொல்லத் தொடங்கியவர் காரணமும் சொல்லத் தொடங்குவார். பீகாரின் உயர்வைப் பார்த்ததும் பலருக்கு மாணவிகளுக்கு மிதிவண்டி தந்த திட்டம் ஞாபகத்துக்கு வரும். 2006-இல் தொடங்கிய நல்ல திட்டம்தான். ஆனால் அது ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கானது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரியும். கணக்கெடுப்பில் அவள் முன்பே எழுத்தறிவு பெற்றவள்தான். மிதிவண்டி அவளைப் பள்ளியில் தக்கவைத்திருக்கலாம், ஆனால் 33-ஐ 52 ஆக்கியிருக்க முடியாது. எழுத்தறிவு விகிதம் என்பது 7 வயதிலிருந்து பாட்டிமார் வரை எல்லோரையும் சேர்த்த கணக்கு. தொடக்கப் பள்ளிக்குப் போன புதிய சிறுமிகள் உள்ளே வருவதும், படிக்காத பழைய தலைமுறை மறைவதும், பெரியவர்கள் கற்றுக்கொள்வதும்தான் அதை நகர்த்தும். இவற்றில் எது எவ்வளவு என்பது இந்த அட்டவணையில் இல்லை. ஆகவே பத்தி உறவைச் சொல்லிவிட்டு நின்றுகொள்ள வேண்டும். காரணத்துக்கு வேறு ஆதாரம் வேண்டும்.

இன்னொரு வழுக்கல் சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் நடுவில். பீகார் பெண்களின் எழுத்தறிவு 33.12-இலிருந்து 51.50 ஆனது 18 புள்ளி உயர்வு. அதையே 55 சதவீத உயர்வு என்றும் எழுதலாம், கணக்கு சரிதான். ஆனால் சதவீதத்தில் உள்ள ஒன்றுக்குச் சதவீத உயர்வு சொன்னால், பீகாரில் 55 சதவீதப் பெண்கள் புதிதாகப் படித்துவிட்டார்கள் என்று பாதிப்பேர் புரிந்துகொள்வார்கள். பக்கத்தில் அட்டவணை இருக்கும்போது புள்ளியிலேயே பேசினால் வாசகர் தானே கழித்துச் சரிபார்க்க முடியும்.

மூன்றாவது, 2011 விவரங்களுக்கே உரிய ஒரு சிக்கல். கணக்கெடுப்பு முடிந்ததும் தற்காலிக விவரங்கள் வெளியாகின, பிறகு இறுதி விவரங்கள் வந்தன. இந்திய அளவில் ஆண், பெண் இருபாலரையும் சேர்த்த எழுத்தறிவு முதலில் 74.04 என்று வந்தது, பிறகு 72.98 ஆனது. இணையத்தில் இரண்டுமே உலவுகின்றன. ஒரு வரிசைக்கு அதையும் இன்னொரு வரிசைக்கு இதையும் எடுத்துப் போட்டுவிடுவது எளிது. நம் அட்டவணையில் அது வெறும் தசமப் பிரச்சினையாக நிற்காது. தற்காலிக விவரத்தில் பெண்களின் எழுத்தறிவு பீகாரில் 53.33, ராஜஸ்தானில் 52.66. பீகார் முந்திவிட்டது. இறுதி விவரத்தில் பீகாருக்கு 51.50, ராஜஸ்தானுக்கு 52.12. முந்தவில்லை. தற்காலிக எண்களை வைத்து 'பீகார் ராஜஸ்தானை முந்தியது' என்று அன்று எழுதியவரின் வாக்கியம் பிறகு பொய்யானது. 'ஏறக்குறைய ஒரே அளவு' என்று எழுதியிருந்தால் இரண்டு விவரத்துக்கும் அது நின்றிருக்கும். ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தின்மேல் ஒரு வாக்கியத்தைக் கட்டக் கூடாது. முழு எண்ணுக்குச் சுருக்கினால் இரண்டும் 52 ஆகி, அந்த ஆசையையே அட்டவணை தடுத்துவிடுகிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் வரும்போது அட்டவணையில் 2001-ஐ எடுத்துவிட்டுப் புதிய ஆண்டைச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. பத்தியில் ஒரு வாக்கியத்தைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புதிய அட்டவணையை முதலில் போட்டுவிட்டு, அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அப்போதும் தற்காலிக விவரம்தான் முதலில் வந்தால், அடிக்குறிப்பில் அதைச் சொல்லிவிட்டு, இறுதி விவரம் வந்ததும் முதலில் பத்தியைத் திறந்து பாருங்கள், அப்புறம் அட்டவணையை.